தொண்ணூத்தி நாலா, எண்பத்தி நாலா? ஒரு போன் நம்பரால போன ரூம்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரு தோல்விக் கதையோட ஆரம்பிக்கிறேன். 2023 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. லியோன் நகரத்துக்குப் படிக்க வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஃப்ரெஞ்ச்ல பி1 சர்டிஃபிகேட் கையில இருக்கு, தங்குறதுக்கு ரூம் மட்டும் இல்ல. ஒரு வயசான அம்மா வீட்டுல ஒரு ரூம் வாடகைக்கு இருக்குன்னு விளம்பரம் பாத்து மெசேஜ் போட்டேன். சாயங்காலம் அவங்களே கூப்பிட்டாங்க, அதுவும் மக வீட்டு போன்ல இருந்து. ரூம் பாக்க எப்ப வரணும்னு சொல்லிட்டு, வர முடியலன்னா என் மொபைலுக்குக் கூப்பிடுங்கன்னு நம்பரும் குடுத்தாங்க. மொத்தமே நாப்பது செகண்ட் பேசியிருப்போம். நானும் பெருமையா "உய், உய், மெர்சி மதாம்"னு சொல்லி வச்சிட்டேன்.

அந்த நாப்பது செகண்ட்ல நான் மூணு தப்பு பண்ணியிருந்தேன். ஒண்ணு நாள்ல, ஒண்ணு மணியில, ஒண்ணு நம்பர்ல. மூணுமே ஃப்ரெஞ்ச் படிக்கிற எல்லாருக்கும் காத்திருக்கிற குழிங்க. இந்த எபிசோட்ல அந்த போன் காலையே பிரிச்சுப் பாக்கப் போறோம்.

அவங்க சொன்னது இதுதான். ஃப்ரெஞ்சைத் தமிழ் எழுத்துல, காதுல விழுற மாதிரியே எழுதுறேன்: "மார்தி ஆன் உவித், ஆ கத்ர் எர் முவேன் ல கார்." அடுத்தது நம்பர். அவங்க நிஜ நம்பரை இங்க சொல்லக் கூடாது. அதனால முன்பாதியை மாத்திட்டேன். 06 39 98னு ஆரம்பிக்கிற நம்பர்களை ஃப்ரான்ஸ்ல சினிமா, சீரியலுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்காங்க, அதையே எடுத்துக்கலாம். கடைசி நாலு இலக்கம் மட்டும் நிஜம்: 06 39 98 72 94.

நான் பேப்பர்ல எழுதி வச்சது: "செவ்வாய், 4.15. எட்டு???" நம்பர் 06 39 98 62 84. அந்த எட்டு என்னன்னு எனக்குப் புரியல. காலிங் பெல்லோட நம்பரா இருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

முதல்ல நம்பர்

ஃப்ரான்ஸ்ல போன் நம்பர் பத்து இலக்கம். அதை ரெண்டு ரெண்டாத்தான் சொல்லுவாங்க, அஞ்சு ஜோடி. நம்ம ஊர்ல "தொண்ணூத்தெட்டு நாப்பது"ன்னும் சொல்லுவோம், "ஒன்பது எட்டு நாலு பூஜ்யம்"னும் சொல்லுவோம். அங்க பெரும்பாலும் ஜோடிதான். அதனால எழுபதுல இருந்து தொண்ணூத்தொம்பது வரைக்கும் இருக்கிற எண்கள் நம்மளை விடவே விடாது. பெரும்பாலான நம்பர்கள்ல ஒண்ணாவது வந்துடும்.

இந்த எண்களோட கட்டமைப்பு பலருக்குத் தெரிஞ்சதுதான், சுருக்கமா சொல்லிடறேன். அறுபது வரைக்கும் ஒவ்வொரு பத்துக்கும் தனிப் பேர் இருக்கு. அறுபதுக்குப் பேர் சுவாசான்த். எழுபதுக்குத் தனிப் பேர் கிடையாது, அறுபது-பத்து, அதாவது சுவாசான்த்-தீஸ். எழுபத்தொண்ணு அறுபதும் பதினொண்ணும், எழுபத்திரெண்டு அறுபது-பன்னெண்டு. எண்பது நாலு இருபது, கத்ரு-வேன். தொண்ணூறு நாலு-இருபது-பத்து, கத்ரு-வேன்-தீஸ். தொண்ணூத்தெட்டு நாலு-இருபது-பத்து-எட்டு. இருபது இருபதா எண்ணுற பழைய கணக்கோட மிச்சம் இது. பாரிஸ்ல கண் சிகிச்சைக்குப் பேர் போன கேன்ஸ்-வேன்ன்னு ஒரு ஆஸ்பத்திரி இன்னைக்கும் இருக்கு. அந்தப் பேருக்கு அர்த்தமே "பதினஞ்சு இருபதுகள்", அதாவது முந்நூறு. 13-ஆம் நூற்றாண்டுல ஒன்பதாம் லூயி ராஜா முந்நூறு பார்வையற்றவங்களுக்காக அதை ஆரம்பிச்சாரு.

பெல்ஜியத்துலயும் ஸ்விட்சர்லாந்துலயும் எழுபதுக்கு செப்தான்த், தொண்ணூறுக்கு நொனான்த்னு நேரா சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஆனா ஃப்ரான்ஸ்ல இருந்தா இது நமக்கு உதவாது. நீங்க செப்தான்த்னு சொன்னா அவங்களுக்குப் புரியும், ஆனா அவங்க உங்ககிட்ட அப்படிச் சொல்ல மாட்டாங்க. கேக்குறதுலதானே நமக்குப் பிரச்சினையே.

இதைப் பாத்து சிரிக்கிறதுக்கு முன்னாடி நம்ம தொண்ணூறையும் கொஞ்சம் கவனிங்க. எண்பதுல எட்டு இருக்கு. தொண்ணூறுல ஒன்பதும் நேரா இல்ல, பத்தும் இல்ல, நூறு உக்காந்திருக்கு! தொள்ளாயிரத்துல ஆயிரம். ஆனா "தொண்ணூறு"ன்னு யாராவது சொல்லும்போது நாம "நூறு"ன்னு எழுத ஆரம்பிக்கிறது இல்ல. ஏன்? அதை நாம பிரிச்சுக் கேக்குறதே இல்ல, ஒரே சொல்லா காதுல விழுது. ஃப்ரெஞ்ச்காரங்களும் கத்ரு-வேன்-தீஸைப் பெருக்கிக் கூட்டிக்கிட்டு இல்ல. அவங்களுக்கு அது தொண்ணூறு, அவ்வளவுதான். கணக்குப் போடுறது நாம மட்டும்தான். போட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஜோடி வந்துடுது.

பேனா எப்ப இறங்கணும்?

ஆரம்பத்துல எல்லாரும் செய்யுற தப்பு, முதல் சொல் காதுல விழுந்ததுமே எழுதிடறது. சுவாசான்த்னு கேட்ட உடனே 6 போட்டுடுவோம். அடுத்து "தூஸ்"னு வரும், பன்னெண்டு. 6 போட்ட இடத்துல 12ஐ எங்க வைக்கிறது? சில பேர் 6012னு எழுதிடுவாங்க. 98க்கு 42018. இந்த வகைத் தப்பைக் கண்டுபிடிக்கிறது ஈஸி: எழுதி முடிச்சு எண்ணிப் பாருங்க, பத்து இலக்கத்துக்கு மேல போயிருந்தா எங்கயோ ஒரு எண்ணைப் பிச்சு எழுதியிருக்கீங்க.

இதுக்கு வழி ரொம்பச் சின்னது. சுவாசான்த், கத்ரு-வேன், இந்த ரெண்டுல எதைக் கேட்டாலும் பேனாவைத் தூக்கிடுங்க. எழுதாதீங்க. அதுக்குப் பின்னாடி வர்ற துண்டுதான் முடிவு பண்ணும். பின்னாடி ஒண்ணுல இருந்து ஒன்பதுக்குள்ள வந்தா அது அறுபது வரிசை, இல்ல எண்பது வரிசை. பின்னாடி பத்துல இருந்து பத்தொன்பதுக்குள்ள வந்தா எழுபது வரிசை, இல்ல தொண்ணூறு வரிசை. வேற எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம்.

ஆனா நான் பண்ணின தப்பு இது இல்ல. என் பேப்பர்ல பத்து இலக்கம் சரியாத்தான் இருந்தது. அதனாலதான் எனக்குச் சந்தேகமே வரல. இது இன்னும் மோசமான ரகம்: பின்னாடி வர்ற துண்டையே தப்பாக் கேக்குறது.

72க்கு சுவாசான்த்-தூஸ். 62க்கு சுவாசான்த்-தெ. அவங்க சொன்னது தூஸ், நான் கேட்டது தெ. 94க்கு கத்ரு-வேன்-கத்தோர்ஸ். 84க்கு கத்ரு-வேன்-கத்ர். அவங்க கத்தோர்ஸ்னு சொன்னதுல நான் கத்ர் வரைக்கும்தான் கேட்டேன். "அஹா, நாலு"ன்னு மூளை கதவைச் சாத்திடுச்சு. வால் துண்டு விழுந்துடுச்சு.

இந்த மாதிரி ஜோடிங்க அஞ்சு இருக்கு. ரெண்டும் பன்னெண்டும்: தெ, தூஸ். மூணும் பதிமூணும்: த்ருவா, த்ரேஸ். நாலும் பதினாலும்: கத்ர், கத்தோர்ஸ். அஞ்சும் பதினஞ்சும்: சேன்க், கேன்ஸ். ஆறும் பதினாறும்: சீஸ், சேஸ். பன்னெண்டுல இருந்து பதினாறு வரைக்கும் எல்லாமே இசட் ஓசையில முடியும், வண்டு ரீங்காரம் மாதிரி. தமிழ் எழுத்துல அந்த ஓசைக்குத் தனி அடையாளம் இல்ல, அதனால நம்ம காதும் அதைத் தேடுறது இல்ல. இனிமே தேடுங்க. கடைசியில வண்டு சத்தம் கேட்டுச்சுன்னா, பத்து கூட்டிக்கோங்க. ஆறை மட்டும் ஜாக்கிரதையாக் கேளுங்க. அதுவும் ஸ்னுதான் முடியும், ஆனா அது பாம்பு சீறுற ஸ், வண்டு இல்ல.

இன்னொரு காது அடையாளமும் இருக்கு, இது எனக்கு ரொம்ப உதவுது. இருபத்திரெண்டுல இருபதுக்கு ஒரு த் சத்தம் உண்டு: வேன்த்-தெ. எண்பத்திரெண்டுல அந்த த் கிடையாது: கத்ரு-வேன்-தெ. லியோன் பக்கத்து லேண்ட்லைன் நிறைய 04ல ஆரம்பிக்கும். அடுத்த ஜோடி 22ஆ இருந்தா "ஸேரோ கத்ர் வேன்த்-தெ"ன்னு சொல்லுவாங்க. வேகமாச் சொன்னா எண்பத்திரெண்டு மாதிரியே இருக்கும். த் கேட்டுச்சுன்னா அது நாலும் இருபத்திரெண்டும். கேக்கலன்னா எண்பத்திரெண்டு.

நாலு மணியா, நாலேகாலா, மூணே முக்காலா?

இப்ப மணிக்கு வருவோம். "கத்ர் எர் முவேன் ல கார்." கார்னா கால். நான் கேட்டது நாலு மணி, கால். நாலேகால்னு எழுதிட்டேன். நடுவுல வந்த "முவேன்" காத்தோட போயிடுச்சு. அதுக்கு அர்த்தம் "குறைய". நாலு மணி, கால் குறைய. அதாவது மூணே முக்கால்.

தமிழ்ல நாம தாண்டின மணியோட கூட்டிச் சொல்றோம்: மூணு, அதோட முக்கால். இங்கிலீஷ் வரப்போற மணியில இருந்து கழிக்கும், ஆனா முதல்ல "கால் மணி"யைச் சொல்லிட்டுத்தான் நாலுக்கு வரும். அதனால நமக்கு முன்னாடியே எச்சரிக்கை கிடைச்சுடுது. ஃப்ரெஞ்ச்ல நாலு மணின்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம் கழிப்பாங்க. நாலேகாலுக்கு "கத்ர் எர் ஏ கார்". மூணே முக்காலுக்கு "கத்ர் எர் முவேன் ல கார்". வித்தியாசம் நடுவுல இருக்கிற ரெண்டு குட்டிச் சத்தம்தான், ஆனா கடிகாரத்துல அரை மணி நேரம். "ல" கேட்டாலே போதும், அது கழித்தல். கூட்டும்போது அந்த ல வராது.

இதுல இருந்து தப்பிக்க ஃப்ரெஞ்சுக்குள்ளேயே ஒரு வழி இருக்கு. ரயில் டிக்கெட், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ஆபீஸ் இதுல எல்லாம் 24 மணிக் கணக்குதான். டிக்கெட்ல 15h45ன்னு இருக்கும். வாசிக்கும்போது கேன்ஸெர் கராந்த்-சேன்க், பதினஞ்சு மணி நாப்பத்தஞ்சு. இந்தக் கணக்குல கால், அரை, குறைய எதுவும் பொதுவா வராது, நேரா நிமிஷம்தான். வீட்டுல, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட, வயசானவங்ககிட்ட பேசும்போதுதான் பன்னெண்டு மணிக் கணக்கும் கால் அரையும். அவங்க பன்னெண்டுல சொன்னாலும் நீங்க 24ல திருப்பிச் சொல்லலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

ஆனா 24 மணிக் கணக்குலயும் நம்ம பழைய எதிரிங்க உக்காந்திருக்காங்க. மணிக்கு எர்னு பேரு. அது உயிர்ல தொடங்குறதால முன்னாடி சொல்லோட கடைசி எழுத்து அதோட ஒட்டிக்கும். ரெண்டு மணி தெஸெர். பன்னெண்டு மணி தூஸெர். மூணு மணி த்ருவாஸெர், பதிமூணு மணி த்ரேஸெர். ஆறு மணி சீஸெர், பதினாறு மணி சேஸெர். பாத்தீங்களா, இப்ப வண்டு சத்தம் ரெண்டு பக்கமும் வந்துடுச்சு, அந்த அடையாளம் இங்க செல்லாது. உயிரெழுத்தை மட்டும்தான் நம்பணும். நல்லவேளையா மதியம் பன்னெண்டுக்கு மீதி, நடுராத்திரிக்கு மினுயின்னு தனிச் சொல் இருக்கு. நீங்க பேசும்போது தூஸெர்னு சொல்லாம மீதின்னே சொல்லுங்க, எதிர்ல இருக்கிறவங்களுக்கும் குழப்பம் இருக்காது.

அந்த எட்டு என்ன எட்டு?

கடைசியா நாள். மார்தின்னா செவ்வாய். "மார்தி ஆன் உவித்"னா? எட்டாவது நம்பர் பெல் இல்ல, எட்டு மணியும் இல்ல. மணியா இருந்தா கூடவே எர் வந்திருக்கணும். இங்க எர் இல்ல. இது நாள் கணக்கு: வர்ற செவ்வாயில இருந்து ஒரு வாரம் தள்ளி.

ஒரு வாரத்துக்கு ஏழு நாள்தானே? ஃப்ரெஞ்ச் பேச்சு வழக்குல ரெண்டு முனையையும் சேர்த்து எண்ணுவாங்க. செவ்வாய்ல இருந்து அடுத்த செவ்வாய் வரைக்கும் விரல் விட்டு எண்ணுங்க, எட்டு வரும். அதனால "எட்டு நாள்"னா ஒரு வாரம், "பதினஞ்சு நாள்"னா, அதாவது கேன்ஸ் ஜூர்னா, ரெண்டு வாரம். "தான் கேன்ஸ் ஜூர்"னு யாராவது சொன்னா காலண்டர்ல பதினஞ்சைக் கூட்டாதீங்க. இன்னைக்கு என்ன கிழமையோ, ரெண்டு வாரம் கழிச்சு அதே கிழமை.

அவங்க பேசினது செப்டம்பர் 1, வெள்ளி. வர்ற செவ்வாய் 5. ஆன் உவித் போட்டா 12. நான் 5-ஆம் தேதி நாலு மணிக்கே போய் நின்னேன். எட்டாம் நம்பர் பெல்லை அடிச்சேன், யாரோ வந்து எட்டிப் பாத்துட்டு கதவைச் சாத்திட்டாங்க. அந்த அம்மா பேர் போட்ட பெல்லை அடிச்சேன், சத்தமே இல்ல. நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு ஆம்பளைக் குரல், ராங் நம்பர்னு வச்சிட்டாரு. ரூம்னு சொல்லி ஏமாத்துற கேஸ்னு முடிவு பண்ணி, அந்த விளம்பரத்தையே பிளாக் பண்ணிட்டேன்.

12-ஆம் தேதி ராத்திரி அதே மக வீட்டு போன்ல இருந்து கால். கோபமே இல்ல, அதுதான் இன்னும் வலிச்சது. "உங்களுக்காக டீ போட்டு வச்சிருந்தேன். அஞ்சு மணி வரைக்கும் பாத்தேன். அப்புறம் வந்த பொண்ணுக்குக் குடுத்துட்டேன்." நான் 5-ஆம் தேதி வந்த கதையைச் சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சு, "ஆன் உவித்னு சொன்னேனே"ன்னாங்க. அப்புறம் ஒரு மாசம் நான் சீனியர் ஒருத்தர் ரூம்ல தரையில படுத்திருந்தேன்.

அந்தக் காலைத் திரும்ப ஓட்டினா

இப்ப அந்த போன் வந்தா நான் என்ன பண்ணுவேன்? முதல்ல தேதி கேப்பேன். கிழமையையும் தேதியையும் சேர்த்துச் சொல்ல வைக்கணும்: "மார்தி தூஸ் செப்தாம்ப்ரு?" ஃப்ரெஞ்ச்ல தேதி சொல்றது நமக்கு ஈஸி. இங்கிலீஷ் மாதிரி ஒவ்வொரு தேதிக்கும் தனி வால் கிடையாது, வெறும் எண் போதும். முதல் தேதிக்கு மட்டும் ப்ருமியே, "முதலாவது". எழுதும்போதும் நம்மள மாதிரியே நாள், மாசம், வருஷம்.

ஏன் ரெண்டையும் சேர்த்துக் கேக்கணும்? ஒண்ணு இன்னொண்ணைச் சரி பார்க்கும். தூஸை நான் தென்னு கேட்டிருந்தாலும், காலண்டரைப் பாத்தா செப்டம்பர் 2 சனிக்கிழமை. செவ்வாய்னு சொன்னாங்களே, இடிக்குதே. அப்ப 12ஆத்தான் இருக்கணும். நம்பருக்கு இப்படிக் கூடவே வந்து காட்டிக் குடுக்க ஆள் இல்ல, தேதிக்கு இருக்கு.

ரெண்டாவது, மணியை 24 கணக்குல திருப்பிச் சொல்லுவேன்: "தோன்க், கேன்ஸெர் கராந்த்-சேன்க், சே பியேன் சா?" அப்படின்னா, பதினஞ்சு நாப்பத்தஞ்சு, சரிதானே? நாலேகால்னு நினைச்சிருந்தா நான் சேஸெர் கேன்ஸ்னு சொல்லியிருப்பேன், அவங்க அங்கேயே "நோன், நோன்"னு நிறுத்தியிருப்பாங்க.

மூணாவது, நம்பர். ஜோடியாக் கேட்டதைத் திரும்ப ஜோடியாச் சொன்னா உங்க உச்சரிப்புத் தப்பும் அவங்க அவசரமும் சேர்ந்து "உய்"னு சொல்லிட வாய்ப்பு இருக்கு. நான் தென்னு சொல்றது அவங்களுக்கு தூஸ்னு கேக்கலாம். அதனால ஒவ்வொரு இலக்கமாச் சொல்லுவேன்: ஸேரோ, சீஸ், த்ருவா, நெஃப், நெஃப், உவித், செத், தெ, நெஃப், கத்ர். ஏழு ரெண்டு, ஒன்பது நாலு. ஏழையும் ஆறையும் யாரும் குழப்பிக்க மாட்டாங்க. கேக்க வேண்டியிருந்தா "சீஃப்ர் பார் சீஃப்ர்"னு கேளுங்க, ஒவ்வொரு இலக்கமான்னு அர்த்தம். கடைக்காரங்க, ரிசப்ஷன்ல இருக்கிறவங்க எல்லாரும் பழகினதுதான்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்லிட்டு முடிக்கிறேன். ஃப்ரான்ஸ்ல ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு எண் இருக்கு, வண்டி நம்பர் பிளேட்டோட வலது ஓரத்துல சின்னதா ஒரு மாவட்ட எண் இருக்கும். பாரிஸும் அதைச் சுத்தி இருக்கிற மாவட்டங்களும் என்னென்ன தெரியுமா? 75, 77, 78, 91, 92, 93, 94, 95. எட்டுமே நம்ம குழிக்குள்ளதான்! பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது போற வண்டியெல்லாம் படிங்க. கூட்டாதீங்க, பெருக்காதீங்க. 94ஐப் பாத்ததும் கத்ரு-வேன்-கத்தோர்ஸ்னு ஒரே மூச்சுல வரணும், தொண்ணூத்தி நாலு வர்ற மாதிரி. அப்புறம் 93. நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கிற லா கூர்னவ் அந்த மாவட்டம்தான். அதை அந்தப் பக்கத்துப் பசங்க கத்ரு-வேன்-த்ரேஸ்னு சொல்றதை விட "நெஃப்-த்ருவா", ஒன்பது-மூணுன்னுதான் அதிகம் சொல்லுவாங்க. அவங்களே இலக்கம் இலக்கமாச் சொல்லும்போது நமக்கு என்ன வெக்கம்?

உங்க பிறந்த தேதியை மட்டும் இன்னைக்கே ஒரு தடவை சத்தமாச் சொல்லிப் பாருங்க. 1996 ஜூலை 16ன்னா, சேஸ் ஜுயே மில் நெஃப் சான் கத்ரு-வேன்-சேஸ். தொண்ணூறுகள்ல பிறந்தவங்களுக்குத் தப்பிக்க வழியே இல்ல, எந்த ஆபீஸ் கவுன்ட்டருக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான். 2000க்கு அப்புறம் பிறந்தவங்களா? உங்களுக்கு தெ மில். நீங்க பொழச்சீங்க, போன் நம்பர் கேக்குற வரைக்கும். அடுத்த எபிசோட்ல பாப்போம்.